மடிக்காத அட்டைகள்

ஓடிப்போய்விட்டாளாம்! எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்றுகொண்டு என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள்.

"வயசான மாமியாரை அம்போன்னு விட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாளே! ஊருக்கெல்லாம் உபகாரம் பண்ணவளாம்."

"என்னை யாரும் விட்டுட்டுப் போகல. எனக்குக் கை இருக்கு, கால் இருக்கு, உன்கிட்ட சண்டை போடுற அளவுக்கு வாயும் இருக்கு" என்றேன்.

"தனியா இருந்த ஆம்பளை வீட்டுச் சாவி அவ கையில இருந்துச்சாமே?"

"இருந்துச்சு. அந்த ஆம்பளையால தானாப் புரண்டு படுக்கக்கூட முடியாது. அவர் எழுந்து வந்து கதவைத் திறப்பாரா, இல்ல நீ போய்த் திறப்பியா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தினால் சாத்தட்டும். நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும்.

என் மருமகள் தையல் கடையில் பாதி நாள் வேலை செய்தாள். மீதி நாள், ஒரு தொண்டு அமைப்பு மூலமாக, படுக்கையோடு படுக்கையாகிவிட்டவர்களின் வீடுகளுக்குப் போவாள். சம்பளம் கிடையாது. என் மகன் கப்பலில் வேலை செய்கிறான், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர் மேல்தான். வீட்டில் நானும் அவளும் மட்டும். யார் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பாள். நோயாளிகள் அவளுக்கு 'இதோம்மா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அந்த வேலை என்னவென்று தெரியாமல் பேசுகிறவர்கள் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். விழுங்க முடியாதவர்களின் வாயை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். வலி எவ்வளவு என்று கேட்டு, ஒன்றுமில்லை என்பதற்குச் சுழியும் தாங்கவே முடியாது என்பதற்குப் பத்துமாக அட்டையில் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை.

அந்த அமைப்பின் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அந்த வாரம் யாராவது இறந்திருந்தால், அவரைப் பார்த்துக்கொண்டவர் அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லி, அட்டையின் மூலையை மடித்துத் தகரப் பெட்டியில் போட வேண்டும். அழ வேண்டுமென்றால் அங்கேயே அழுதுகொள்ளலாம். பிறகு, களைத்துப் போனவருக்கு மற்றவர்கள் ஒரு வரி எழுதிச் சீட்டாகக் கொடுப்பார்கள். தனக்குத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது, அதுதான் விதி. என் மருமகள் அதில் கெட்டிக்காரி. யாருக்கு எது உறைக்குமோ அதை எழுதுவாள். அவள் எழுதிய சீட்டுகளை மற்றவர்கள் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்களாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அவர்கள் பார்த்துவந்த வீடுகளையும் இவளே எடுத்துக்கொண்டாள். இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், இவள் தனியாகவே போனாள். வெள்ளிக்கிழமை உட்காருவதை விட்டாள்.

"அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு வீடு பார்த்துடலாம் அத்தை" என்றாள்.

முதலில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். பிறகு தட்டைப் போட்டுவிட்டு மறந்தாள். படுத்தால் தூக்கமில்லை, உட்கார்ந்தால் கண் சொருகும். சின்னச் சத்தத்துக்கும் என் மேல் எரிந்து விழுவாள், பத்து நிமிஷம் கழித்து என் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள். ஒரு நாள் லீவு போடு என்றால், ஏதோ திருடச் சொன்னதுபோலப் பார்ப்பாள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அழாததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஒரு பள்ளிக்கூட டீச்சர் உயிரை விட்டாள். இவள் வீட்டுக்கு வந்து, "டீச்சர் போயிட்டாங்க. சோப்பு வாங்கணும்" என்றாள். ஒரே குரலில். டீச்சருக்கும் சோப்புக்கும் வித்தியாசமே இல்லை.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது.

பட்டப்பகலில், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, சட்டென்று எழுந்து "இதோ வந்துட்டேன்" என்பாள். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஃபோன் மேஜைமேல் கறுப்பாகக் கிடக்கும்.

"யாருக்குடி பதில் சொல்ற?"

"டீச்சர் கூப்பிட்டாங்களே."

டீச்சர் போய் அப்போது மூன்று வாரம். கனவு கண்டிருப்பாய் என்றேன். "நான் தூங்கவே இல்லையே அத்தை" என்றாள். அது உண்மை. அவள் தூங்கவே இல்லை.

இன்னொரு நாள் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். விழித்தால் என் பக்கத்தில் நின்றுகொண்டு, ஈரப் பஞ்சால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மெல்ல, பதமாக. கண் என்னைப் பார்க்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"அம்மாடி, நான் இன்னும் சாகல" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "வலி எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தச் சாவிக் கதைக்கு இப்போது வருகிறேன். ஒரு தச்சர், வயதானவர், தனியாக இருந்தவர். மகள் வேறு ஊரில். ஒரு திங்கட்கிழமை அவர் இறந்தார். இவள்தான் கண்ணை மூடிவிட்டாள், மகளுக்குத் தகவல் சொன்னாள், அடக்கத்துக்கும் போய் வந்தாள். அடுத்த வாரம் அந்த மகள் வீட்டைக் காலி பண்ணப் போயிருக்கிறாள். கதவு திறந்து கிடந்ததாம். உள்ளே என் மருமகள். கட்டிலில் துவைத்த விரிப்பைப் போட்டு, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஈரப் பஞ்சு. காலிக் கட்டிலைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். மடியில் தச்சரின் மஞ்சள் அட்டை, அன்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: "வலி சுழி. மூன்று முறை திருப்பினேன். நிம்மதியாக இருக்கிறார்."

அந்தப் பெண் கத்தவில்லை, நல்லவள். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா போயிட்டாருக்கா" என்றாளாம். இவள், "தெரியும். நேத்தும் சொன்னார்" என்றாளாம்.

அந்தப் பெண் சொல்லியனுப்ப, மறுநாள் காலை அலுவலகத்துத் தலைமை நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில்தான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மருமகளின் பையை அவள் சம்மதத்தோடு திறந்தாள். ஆறு மஞ்சள் அட்டைகள். ஆறு பேரும் இறந்தவர்கள். ஒன்றின் மூலைகூட மடிக்கவில்லை. ஆறிலும் அந்த வாரத் தேதி.

"டாக்டரைப் பார்க்கணும், தூக்கத்துக்கு மருந்து வேணும். ஒரு மாசம் முழு ஓய்வு. தப்பு என் மேலயும் இருக்கு. எட்டு மாசமா வெள்ளிக்கிழமை உன் நாற்காலி காலியா இருந்ததைப் பார்த்துட்டு, இவ நல்லா வேலை செய்றான்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள் நர்ஸம்மா.

"நான் நின்னா அவங்களை யார் பார்ப்பாங்க?" இவள் எழுந்துவிட்டாள். "மணி பத்தாகப் போகுது, நான் கிளம்பணும்."

நான் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போ பார்க்கலாம். எழுபத்தெட்டு கிலோ."

நர்ஸம்மா ஒரு காகிதக் கவரை எடுத்தாள். அதில் நிறையச் சீட்டுகள். ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள்.

"'முதலில் நீ தண்ணீர் குடி, அப்புறம் அவருக்குக் கொடு.'"

நான், "இதைச் சொல்ல ஒரு சீட்டா? நான் தினமும் சொல்றேன்" என்றேன்.

"'உன்னால் மட்டும்தான் முடியும் என்று தோன்றுகிற அன்றைக்குச் சாவியை இன்னொருவர் கையில் கொடு.'"

மருமகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'நீ போகாத நாளிலும் அவர்கள் ஜன்னலில் வெயில் வரும்.'"

"நல்லாயிருக்கு. யார் எழுதினது?" என்றாள்.

நர்ஸம்மா அடுத்ததை எடுத்தாள். "'போன வீட்டிலிருந்து உன்னையும் கூட்டிக்கொண்டு திரும்பு.'"

மருமகள் கதவை விட்டுத் திரும்பினாள். "யார் எழுதினது?"

"எல்லாமே நீ எழுதினதுதான். எங்களுக்கு எழுதிக் கொடுத்தே. உனக்கு எங்களால இதைவிட நல்லா எழுத முடியல, அதனால திருப்பிக் கொடுக்கிறோம்."

சீட்டை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தாள். யாரோ தெரியாதவர் முகத்தைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, நான் திரும்பி வரவே இல்ல. அந்த வீடுங்கள்லேயே எங்கயோ இருக்கேன். இங்க வந்து போறது யாருன்னு எனக்கே தெரியல."

எனக்குப் படிப்பு வராது. ஆனால் அவள் கன்னத்தைத் தொடத் தெரியும். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"ஒவ்வொரு வீடாப் போய்க் கூட்டிட்டு வருவோம்" என்றேன். "முதல்ல டீச்சர் வீடு. டீச்சரைப் பத்தி ஒண்ணு சொல்லு."

டீச்சருடைய அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "என் ஜாக்கெட்டுல தையல் கோணலா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. சாகறதுக்கு மூணு நாள் முன்னால" என்றாள். அட்டையின் மூலையை மடித்தாள். அப்போதுதான் அழுதாள். எட்டு மாத அழுகை. ஆறு அட்டையும் மடித்து முடிக்க மத்தியானம் மூன்றாகிவிட்டது. தச்சருடையது கடைசி.

மறுநாளே கிளம்பிவிடவில்லை. அப்படிச் செய்தால் படுத்திருப்பவர்கள் தவித்துப் போவார்கள். ஒரு வாரம், டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, ஒரு நாளைக்கு இரண்டே வீடு. கூடவே புதிதாக வருகிறவளை அழைத்துப் போய், "இனிமே இவங்கதான் வருவாங்க" என்று அவள் வாயாலேயே சொல்லி, சாவிகளை ஒப்படைத்தாள். சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒரு தாத்தா, "புது ஆளு உன்னைவிட மெதுவாத் துடைக்கிறா" என்று அவள் முன்னாலேயே மெச்சிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. ரோஷம் வந்ததே, உயிர் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போவது அவள் அக்கா வீட்டுக்கு, ரயிலில் இரண்டு மணி நேரம். ஒரு மாதம். ஃபோன் கூடாது. கடைசி நாள் நர்ஸம்மா அதை அணைத்து, என் பீரோவில் போர்வைக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகினாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தது அதைத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு படி இறங்கியவள் நின்றாள்.

"அத்தை, ஃபோன் அடிக்குதா?"

கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கேட்டது. அணைத்து வைத்த ஃபோன், போர்வைக்கு அடியில், பூட்டிய பீரோவுக்குள், விட்டு விட்டு அடித்தது. என் கை என்னை அறியாமல் இடுப்புச் சாவிக்குப் போனது. யாரோ படுத்தபடி கூப்பிடுகிறார்கள், வாய் காய்ந்து, திரும்ப முடியாமல்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ போ கண்ணு" என்றேன்.

அவள் வாய் 'இதோ' என்று திறந்தது. என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்வது அவளுக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும், நான் அதில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. வாயை மூடிக்கொண்டாள். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினாள், தெருக்கதவைத் தள்ளினாள், வெயிலில் போனாள்.