ஒரே கறை ஐம்பது இடத்தில்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கட்டப்போகும் கட்டடம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது என் பொறுப்பு.

அன்று மூன்று மணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு தேவாலயக் குழு வருவதாக இருந்தது. அவர்களுடைய பழைய மன்றத்தைப் பெரிதாக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர், அங்கிருந்த சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு மார்பிள் போடலாம் என்றார்கள். அதே சிவப்பைப் புதுப் பகுதிக்கும் நீட்டிக் காட்டினால் மனசு மாறுவார்கள் என்று அலுவலகத்தை நடத்திய எங்கள் மேடம் நம்பினார். எனக்கும் அந்தத் தரை பிடித்திருந்தது.

அந்தத் தரையில் ஒரு நாலடிச் சதுரத்தைப் போட்டோ எடுத்து, ஸ்கேன் செய்து, படத்தைப் பாதி அளவு நகர்த்தி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கே தெரிந்த ஒட்டுத் தடத்தை அழித்திருந்தேன். இனி தரை முழுக்க இந்தச் சதுரத்தையே எத்தனை முறை அடுக்கினாலும் ஒட்டு தெரியாது.

பதினொன்றரைக்கு, அப்படி அடுக்கி உருவாக்கிய மன்றப் படத்தை மேடம் வந்து பார்த்தார்.

"ஒட்டு தெரியலம்மா. ஆனா இது தரை மாதிரி இல்ல, புடவை பார்டர் மாதிரி இருக்கு."

சதுரத்தின் மூலையில் ஒரு கறுப்புக் கறை. நாற்பதுக்கு இருபதடி மன்றத்தில் அதுவே ஐம்பது இடத்தில் வரிசை கட்டி நின்றது. போதாக்குறைக்கு, போட்டோவில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் அதிகம். அது தரை முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. மன்றத்தில் போடுவதற்கு முன்பே அடுக்கிப் பார்க்காமல் விட்டது என் தப்புதான்.

கறையை எடுத்தேன். வெளிச்சத்தைச் சமன் செய்தேன். ஒரு படம் உருவாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒன்றேகாலுக்கு வந்த படத்தில், சின்னப் புள்ளிகள் மிச்சமிருந்ததால், வரிசை மங்கியிருந்ததே தவிர மறையவில்லை. இன்னும் ஒரே ஒரு முறைதான் முயல முடியும்.

கறை எதுவுமே இல்லாத தரை பொம்மைத் தரையாகத்தான் இருக்கும். அதனால் தனியாக, பதினோரு அடிக்கு ஒருமுறை திரும்பி வரும் மெல்லிய அழுக்குப் படம் ஒன்று செய்து, அதற்கும் ஒட்டுத் தடத்தை அழித்து, தரைமேல் போர்த்தினேன். நாலடியும் பதினோரு அடியும் மறுபடி ஒரே இடத்தில் சேர நாற்பத்துநாலு அடி வேண்டும். மன்றம் அதைவிடச் சிறியது.

இரண்டே முக்காலுக்குப் படம் முடிந்தது. மேடம் அதை அப்படியே குழுவின் முன் வைத்தார்.

குழுவில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் திரைக்கு அருகில் குனிந்து, தரையை ஓரத்திலிருந்து ஓரம் வரை விரலால் தொடர்ந்தார்.

"தரை சரி," என்றார். "சுவர்ல இந்த விரிசல் மூணு தடவை வருதே?"

நேரமில்லாமல் சுவரைத் தொடவேயில்லை என்று ஒப்புக்கொண்டேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியர் சிரித்துவிட்டு, சுவருக்கு எப்படியும் வெள்ளையடிக்கப் போகிறோம் என்றார்.

மார்பிள் பேச்சு அதன்பிறகு எழவில்லை.