‘எல்லா வண்டிக்கும்’ என்று எழுதிய அட்டை

தர்மபுரியில் டிராக்டர், லாரி உதிரி பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் சாமான் எடுத்துக் கொடுப்பது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஒருவரிடம் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கக் கூசுவேன். அந்தக் கூச்சத்தால்தான் தப்பு நடந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான்.

அப்போதெல்லாம் விற்ற சாமான் திரும்பி வருவது தினப்படி நடந்தது. பேரிங் உள்ளே போகாது, ஆயில் சீல் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். கிரீஸ் கை பட்ட பெட்டியைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளாது. வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, கடத்தூரிலிருந்து இரண்டாம் முறை பஸ் ஏறி வருகிறவரின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியாது. முதலாளியை எல்லோரும் பாய் என்பார்கள். அவர் அதட்டமாட்டார். திரும்பி வந்த பெட்டிகளை என் மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒவ்வொன்றும் ஏன் திரும்பியது என்று இரண்டு மாதம் ஒரு நோட்டில் குறித்தேன். பார்த்தால் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான். வண்டியின் பெயர் அதேதான், ஆனால் கம்பெனிக்காரன் நடுவில் உள்ளே எதையோ மாற்றியிருப்பான். வாங்குகிறவர் வண்டிப் பெயரை மட்டும் சொல்வார், நானும் அதை மட்டும் கேட்டு எடுத்துக் கொடுப்பேன்.

காலிப் பெட்டிகளை வெட்டி அட்டையாக்கி, அலமாரியின் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று கட்டித் தொங்கவிட்டேன். எந்த வண்டி, எந்த எஞ்சின் நம்பர் முதல் எந்த நம்பர் வரை, உள்ளளவு, வெளியளவு, பார்வைக்கு இதேபோல் இருக்கும் இன்னொரு சாமான் எது, அதை எப்படி அடையாளம் காண்பது என்று தமிழில் எழுதினேன். கம்பெனிப் புத்தகத்தில் இருந்த எண்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புத்தகத்தில் இல்லாததை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். நம்பரைத் தப்பாகச் சொல்கிறவர்களிடம், எஞ்சினில் குத்தியிருக்கும் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொண்டுவரச் சொன்னேன். சட்டைப்பையில் வெற்றிலையோடு மடித்து வைத்த அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள். கருப்புக்கு நடுவில் நம்பர் வெள்ளையாகத் தெரியும்.

திரும்பி வருவது குறைந்தது. ஒரு வாரம் முழுக்க ஒரு பெட்டிகூட வரவில்லை. பாலக்கோடு பக்கத்து மெக்கானிக்குகள் வந்தால், “அட்டை என்ன சொல்லுது?” என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். ஒரு டிராக்டரின் ஹெட் கேஸ்கட்டுக்கு, எஞ்சின் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகட்டுக்கு, புது எண் போட்டிருந்தது. கீழே ஓர் எஞ்சின் நம்பரும் இரண்டு வரியும் இருந்தன. அந்த இரண்டு வரி எனக்குப் புரியவில்லை. எண் மட்டும் மாறியிருக்கிறது, சாமான் பழையதுதான் என்று நானே முடிவு செய்தேன். கம்பெனி ஆள் அந்த மாதம் இரண்டு முறை கடைக்கு வந்தார். ஊரெல்லாம் நம்பும் அட்டையை எழுதுகிறவனுக்கு இது தெரியாதா என்று நினைப்பாரோ என்று கேட்கவில்லை. அட்டையில் ‘எல்லா வண்டிக்கும்’ என்று எழுதினேன். புதுச் சரக்கு வந்தபோது அளக்காமலே அதே அறையில் அடியில் வைத்தேன். பழையதை முதலில் விற்க வேண்டும் அல்லவா.

பாலக்கோட்டில் தகர ஷெட் போட்டு வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர், முப்பது வயது இருக்கும், விவசாயி ஒருவர் புதிதாக வாங்கி, அதற்குள் ஹெட்டில் கசிவு கண்ட டிராக்டர் ஒன்றுக்கு அந்தக் கேஸ்கட்டை வாங்கிப்போனார். மறுநாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியிலிருந்த பழையது சுரண்டும்போது துண்டு துண்டாகக் கிழிந்துவிட்டதாம், ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. ஆனால் பிளாக்கின்மேல் வைத்தால் கேஸ்கட் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையத்தின் ஓரம் சிலிண்டருக்குள் நூல் அளவு நீட்டுகிறதுபோல் தெரிகிறது என்றார்.

“அட்டையில என்னங்கண்ணா போட்டிருக்கு?”

திருப்பிக் காட்டினேன். படித்தார்.

“அப்ப சரிங்க. என் கண்ணுதான் தப்பு” என்று போய்விட்டார். வெர்னியர் என் மேசையில்தான் கிடந்தது.

பத்து நாள் கழித்து, எரிந்துபோன கேஸ்கட்டோடு வந்தார். தக்காளி மூட்டை ஏற்றி மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எஞ்சின் சூடாகி, ஆயிலில் தண்ணீர் கலந்து வண்டி நின்றுவிட்டது. ஹெட்டைச் சரியாக முடுக்கவில்லை என்று டிராக்டர்காரர் மார்க்கெட் நடுவில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்.

“ஒவ்வொரு போல்ட்டும் வரிசை தப்பாம முடுக்குனேங்கண்ணா. எங்க வுட்டேன்னு பாருங்க.”

அடியிலிருந்த புதுப் பெட்டியைப் பிரித்து இரண்டையும் அளந்தேன். புதியதன் துவாரம் மூன்று மில்லிமீட்டர் பெரிது. அந்த எஞ்சின் நம்பரிலிருந்து சிலிண்டரையே பெரிதாக்கியிருக்கிறார்கள். இரண்டு வரியும் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. பழைய எஞ்சினுக்குப் பழையது, புது எஞ்சினுக்குப் புதியது. சிறிய வளையம் பெரிய சிலிண்டருக்குள் நீட்டி, நெருப்பில் வெந்து தீர்ந்திருக்கிறது.

நான் சொன்னது இவ்வளவுதான்: “இதப் போடுங்க தம்பி. புதுச் சரக்கு.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அட்டையைக் கிழித்து இரண்டு அட்டையாக எழுதினேன்.

இரண்டாவது கேஸ்கட் எரியாமல் நின்றது. அதுவே அவருக்கு வினையானது. இப்போது மட்டும் ஒழுங்காக முடுக்கியிருக்கிறான், அப்படியானால் முன்பு முடுக்கவில்லை என்று டிராக்டர்காரர் ஊரெல்லாம் சொன்னார். எரிந்த கேஸ்கட் ரிட்டர்ன் ஆகாது என்பதால் திரும்பும் சாமானை நான் தொடர்ந்து குறித்துவந்த நோட்டில் அது ஏறவே இல்லை. அந்த மாதத்துப் பக்கம் காலியாக இருந்தது. பாய் நோட்டைப் பார்த்துவிட்டு, வந்திருந்த வியாபாரிகளிடம் என்னைக் காட்டி, “எல்லாம் இவரு எழுத்துதாங்க” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று மாதம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்குப் போனேன். ஷெட்டில் வேலைக்கு நின்றது ஒரு தண்ணீர் பம்பு எஞ்சின் மட்டும். முன்பு இரண்டு மூன்று டிராக்டராவது நிற்குமாம். போல்ட்டை அளவாக முடுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். கை சரியில்லை என்று அவரே நம்பிவிட்டார்.

சொன்னேன். கோவையாகச் சொல்ல வரவில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“இத அந்த டிராக்டர்காரர்கிட்ட வந்து சொல்லுவீங்களா?”

மார்க்கெட்டில் சத்தம் போட்ட மனிதர். எழுதித் தருகிறேன் என்றேன். அங்கேயே ஒரு பெட்டியைக் கிழித்து, கேஸ்கட் தப்பு, அட்டை எழுதியவன் தப்பு, மெக்கானிக் வேலை சரி என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எழுதி முடித்ததும் கனம் இறங்கியதுபோல் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அந்த மெக்கானிக் சாமான் வாங்க வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். டிராக்டர்காரருக்குப் படிக்கத் தெரியாதாம். இவரே படித்துக் காட்டியிருக்கிறார்.

“ஏம்ப்பா, எழுதுனவன் வரமாட்டானா, நீயே எழுதி நீயே படிக்கிறியான்னு சிரிச்சாருங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையிலிருந்து சொந்த வெர்னியரை எடுத்து, நான் கொடுத்த பேரிங்கை உள்ளும் வெளியும் அளந்தார். அட்டைப் பக்கம் திரும்பவில்லை.

அந்த டிராக்டர்காரரின் ஊருக்குப் பாலக்கோட்டிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். நான் போகவில்லை.