கொசுறு மேஸ்திரி கட்டிய பாலம்

என் சகலையின் நிஜப் பெயர் அவருடைய கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. அதற்கப்புறம் யாரும் அதை எடுத்து உபயோகித்ததாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் கொசுறு மேஸ்திரி. ஒரு ஆணி போதும் என்கிற இடத்தில் மூன்று அடிப்பார். எங்கள் வீட்டில் சட்டை மாட்டும் பலகையைப் பொருத்தியது அவர்தான். நாளைக்கே வீட்டை இடித்தாலும் அந்தப் பலகை மட்டும் அந்தரத்தில் நிற்கும் என்று என் பெண்டாட்டி சொல்வாள். அவள் அக்காவைத்தான் அவர் கட்டியிருக்கிறார், அதனால் அவள் சொல்லலாம்.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: கம்மி. குழம்பில் உப்பு கம்மி என்று யாராவது சொன்னால்கூடத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது போல முகம் சுருங்கிவிடும். தொழில் பழகிய இடத்தில் முதலாளி சிமென்டை மிச்சம் பிடித்துக் கட்டிய சுவர் ஒன்று, ஒரு ஆள் சாய்ந்ததும் அவரோடு சேர்ந்து சாய்ந்ததாம். நல்லவேளை, பூவரச மரம் தாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து என் சகலை எந்தக் கலவையிலும் விதிப்படிப் போட வேண்டியதைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு சட்டி சிமென்ட் கொட்டுவார். தன் கைக்காசில்தான். அக்கா இதற்காக அவரைத் திட்டாத நாளில்லை. அவர் காதில் ஏறினால்தானே.

நான் நெடுஞ்சாலைத் துறையின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளன். கல்லை உடைப்பது, சலிப்பது, கான்கிரீட் கட்டியை எந்திரத்தில் வைத்து நசுக்குவது என் உத்தியோகம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ள அவ்வளவு கவர்ச்சியான வேலை இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் உள்ளே வந்தது அதனால்தான்.

புறவழிச் சாலையில் ஓடைக்கு மேலே இருக்கும் சிறுபாலத்தைச் சகலைதான் கட்டினார். கட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதன் பக்கச் சுவர்களில் விரிசல் விட ஆரம்பித்தது. நேராக ஒரு கோடு ஓடியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இது அப்படியில்லை. ஏரி வற்றினால் தரை பாளம் பாளமாக வெடிக்குமே, அந்த மாதிரி சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக. யாரோ செல்போனில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். கீழே ஒரே வரி: சிமென்டைத் தின்னுட்டான்.

துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. சிமென்ட் அளவு குறைவாகப் போட்டதாகத் தெரிகிறது, உங்களை ஏன் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று காரணம் கேட்டு. வேலை போனால் போகட்டும் என்றார் சகலை. அவருக்கு வலித்தது அந்தக் 'குறைவாக' என்கிற வார்த்தைதான். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை. அளவுக்கு மேலேதான் போட்டேன் என்று டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். கடையில் ஒருத்தர் விடாமல் சிரித்தார்களாம். திருடினவன் எவனாவது திருடினேன் என்று சொல்வானா என்பதுதான் ஊர் நியாயம்.

விசாரணை எங்கள் கூடத்துக்கே வந்தது. கூடத்தின் பொறியாளர் ஒரு அம்மா. நாங்கள் மேடம் என்போம். முகத்தில் சந்தோஷமா கோபமா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சம்பள உயர்வு வந்த நாளிலும் அதே முகம்தான். கட்டினவர் என் சகலை என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"சாம்பிளைத் தொடாதீங்க. குடையை மட்டும் பிடிங்க," என்றார்.

அப்படியாக நான் குடை பிடித்தேன். மேடம் சுவரைத் தடவிப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். சிமென்ட் போதாத கான்கிரீட் கையோடு மாவாக வரும், தட்டினால் பொத்தென்று கேட்கும். இதுவோ கணீரென்றது. விரிசல்களின் ஓரம் கறுத்து ஈரமாக இருந்தது, சில இடத்தில் வெள்ளையாகப் பிசின் மாதிரி எதுவோ கசிந்து காய்ந்திருந்தது. சுவரின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் அடைத்திருந்த தார் அட்டை பிதுங்கி வெளியே வந்திருந்தது. அதைத்தான் மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். காய்ந்து சுருங்கினால் இடைவெளி அகலமாகும், இங்கே நெருங்கியிருக்கிறது, சுவர் வளர்ந்திருக்கிறது என்றார். சுவர் வளருமா என்று நான் கேட்டேன். குடை சாய்கிறது என்று பதில் வந்தது.

மண்ணும் தண்ணீரும் படுகிற சுவர்களில்தான் விரிசல் அதிகம். மேலே மூடியிருக்கிற, நனையாத பகுதியில் பேருக்குத்தான் இருந்தது. அதையும் குறித்துக்கொண்டு, துளை போட்டு உருளை உருளையாகக் கான்கிரீட்டை எடுத்தார்கள். நசுக்கிப் பார்த்ததில் பலம் கேட்டதற்கு மேலேயே இருந்தது. மீதியை மெல்லிய சில்லாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பினார். உறவுக்காரன் இருக்கும் கூடத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று அவராகவே முடிவு செய்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, ஆனால் அவர் செய்தது சரி.

முடிவு வந்தபோது கூப்பிட்டுக் காட்டினார். விரிசல் கல்லைச் சுற்றிக்கொண்டு போகவில்லை, கல்லின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து ஓடியது. கல்லைச் சுற்றி ஒரு கறுத்த வளையம். விரிசலுக்குள் அந்தப் பிசின். குற்றவாளி, ஓடைக்கு மேற்கே உள்ள குவாரியின் கூழாங்கல்லில் கலந்திருக்கும் பழுப்பு நிறக் கல். பார்க்க மினுமினுவென்று, கையில் எடுத்தால் வைக்க மனசு வராது. அதிலுள்ள சிலிக்கா கட்டுக்கோப்பில்லாத ரகம். சிமென்டில் இருக்கும் காரம் அதைக் கரைத்துப் பிசினாக்கும். பிசின் தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதி ஊதி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். எல்லாம் மெதுவாக, வருஷக்கணக்கில்.

அதே குவாரிக் கல்லை இடித்து மணலாக்கி, சிமென்டில் குழைத்துச் சின்னச் சின்னச் சட்டமாக வார்த்து, கொதிக்காத குறையாகச் சூடான காரத் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறப் போட்டு அளந்தோம். அதாவது மற்றவர்கள் அளந்தார்கள், நான் அறைக்கு வெளியே நின்றேன். ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நீண்டால் கல் சாது. இரண்டைத் தாண்டினால் வம்புக்காரன். இது மூன்றையும் தாண்டிவிட்டது. இந்தப் பரீட்சை கொஞ்சம் கடுமையானது, இதை மட்டும் வைத்து ஒரு கல்லைத் தண்டிக்கக் கூடாது, ஆனால் பாலத்துக் கான்கிரீட்டிலேயே பிசினைப் பார்த்தாயிற்று, இரண்டும் ஒத்துப்போகிறது என்றார் மேடம். அந்தக் குவாரியைத் தேர்ந்தெடுத்தது சகலை இல்லை. துறைதான் அங்கீகாரம் கொடுத்தது. கல் உடைகிறதா, தேய்கிறதா என்று எல்லாம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

கடைசியாக, கான்கிரீட்டில் சிமென்ட் எவ்வளவு என்று ரசாயனப் பரிசோதனை. விதியில் சொன்னதைவிட நிறையவே அதிகம்.

சகலையை வரவழைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சிமென்ட் குறைவில்லை, அதிகம் என்று மேடம் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஊரில் யாரும் நம்பாத ஒன்றைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் யாருக்குத்தான் கலங்காது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேடம் நிறுத்துகிற ரகம் இல்லை.

"அதுலதான் பிரச்சினை," என்றார். "சிமென்ட் கூடினா காரமும் கூடும். நீங்க அளவோட போட்டிருந்தா இவ்வளவு வெடிச்சிருக்காது."

சகலை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்ப நான் போட்ட அந்தச் சட்டிதான் என் பாலத்தை உடைச்சுதா?"

அது மட்டும் இல்லை, கல்லும் தண்ணீரும் சேர்ந்துதான் என்றார் மேடம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இது நடந்திருக்காது. ஆனால் ஆமாம்.

அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருடன் என்றபோது நிமிர்ந்து நின்றவர், நல்லது செய்து கெடுத்தேன் என்றதும் கூனிப்போய்விட்டார். அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்தி உள்ளே போய்விட்டாள். அவள் ஒன்றைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சகலை சிமென்ட் மூட்டையோடு கூடத்து வாசலில் நின்றார். விரிசலையெல்லாம் கெட்டியாகப் பூசித் தருகிறாராம், இலவசமாக. மூட்டையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் மேடம். பூசினால் விரிசல் மறையும், நோய் மறையாது, இன்னும் காரம்தான் சேரும். அவர் எழுதிய பரிந்துரை வேறு. இடிக்க வேண்டாம், கனத்தைத் தாங்குகிறதா என்று கணக்குப் பார்த்தாயிற்று, இப்போதைக்குத் தாங்கும். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். சுவரில் அடைபட்ட வடிகால் துளைகளைத் திறக்க வேண்டும். சுவர் காய்ந்த பிறகு, உள்ளே ஈரத்தை விடாமல் உள்ளிருக்கும் ஆவியை மட்டும் வெளியே விடுகிற பூச்சு. அப்புறம் கண்காணிப்பு. விரிசலுக்கு இரு பக்கமும் எஃகுக் குமிழ்களை ஜோடி ஜோடியாக ஒட்டி, மழைக்காலத்திலும் கோடையிலும், அதே காலை நேரத்தில், வெயில் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொண்டு, குமிழுக்குக் குமிழ் தூரத்தை அளப்பது. சுவரில் கோடு போட்டு, அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டும் விரிசல்களின் அகலத்தைக் கூட்டுவது. சில வருஷமாவது இப்படிப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு முடிவு.

குமிழ் ஒட்டிய அன்று இன்னும் ரெண்டு ஜோடி ஒட்டிக்கலாமே என்று சகலை கேட்டார். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள். டீக்கடையில் நானே போய்ச் சொன்னேன்: குறைக்கவில்லை, கூடப் போட்டிருக்கிறார். அப்பவும் நம்பவில்லை. எந்த மேஸ்திரி கூடப் போடுவான், நீங்க சொந்தக்காரர்தானே என்றார்கள். டீயைப் பாதி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சகலை இப்போது அளவுப் பெட்டியை மட்டத்துக்கு வழித்துத்தான் போடுகிறார். அளவு முடிந்ததும் சட்டியைத் தேடிக் கை தானாகப் போகிறது, பாதியில் இழுத்துக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர்கள் கொசு கடித்தது என்று நினைத்திருப்பார்கள்.

அளக்கிற நாள் எல்லாம் அவர் வந்துவிடுவார். யாரும் அழைப்பதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உள்நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் போல ஓரமாக நிற்பார். முதல் மழைக்காலத்தில் தூரம் கூடியிருந்தது. அடுத்த கோடையும் அப்படித்தான்.

அதற்கப்புறம் தண்ணீரைத் திருப்பிவிட்டோம், பூச்சும் அடித்தாயிற்று. போன மழைக்காலத்தில் மறுபடி அளந்தார்கள். மேடம் கருவியை ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். பழைய கணக்கோடு ஒப்பிட்டார். எங்கள் யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்தே சொன்னார்.

"இந்தத் தடவை கூடினது ரொம்பக் கம்மி."

சகலை கட்டியிருந்த கையை அவிழ்த்தார். இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றார்.