ரயிலில் தட்டிய நண்டுக் கணக்கு

கொழும்புக் கடைக்காரர் ஐந்து பெட்டி நண்டு கேட்டிருந்தார். ஊருக்குத் திரும்பி வரும் ரயிலில் குலுங்கிக் குலுங்கி, எங்கள் பள்ளிமுனைக் கரையில் நண்டு வாங்கி ஐஸ் போட்டுக் கட்டும் மச்சாளுக்கு அதைத் தொலைபேசியில் தட்டி அனுப்பினேன். ரயில் மடு நிலையத்தைத் தாண்டவும் மச்சாள் அழைத்தாள்.

“மச்சான், றெயில்ல ஆடி ஆடித்தானே அடிச்சனீங்கள்? எத்தினை பெட்டி?”

“அதுதான் போட்டனானே, ஐஞ்சு!”

“இங்க ஆறெண்டு கிடக்கு. எழுத்தெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்க, இலக்கம் மட்டும் தன்ர வீட்டில நிக்குமோ எண்டுதான் எடுத்தனான்.”

அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். சில எழுத்துகள் பக்கத்து விசையில் விழுந்திருந்தன, சில இரட்டித்திருந்தன. சொற்களை யாரும் ஊகித்துவிடலாம். ஐந்துக்குப் பக்கத்திலிருந்த ஆறோ, சரியான எண்போலவே நின்றது. அதை நம்பிக் கட்டியிருந்தால் மச்சாளின் ஒரு பெட்டி நண்டு வாங்க ஆளின்றிப் பழுதாகியிருக்கும்.

அன்றிலிருந்து எண்ணையும் எழுத்தில்தான் அனுப்புகிறேன். நேற்று உப்புக்குளத் தெருவில் நடந்தபடியே தட்டிய ‘மூன்று’ம் பிசகித்தான் போனது. மச்சாள் சரியாக மூன்று பெட்டியே கட்டிவிட்டு, “இண்டைக்கு நடையோ மச்சான்?” என்று சிரித்தாள்.