க்ளைவ் ராட்லியின் டிராஃப்ட்

நோரீன் டுகனுக்கு க்ளைவ் ராட்லி மூவாயிரத்து அறுநூறு டாலர் பாக்கி வைத்திருந்தார். எடுக்காத விடுப்புக்கு உண்டான சம்பளம் அது. பதினோரு வருஷம் அவர் கணக்கைப் பார்த்தவள், ஒரு நாள் சண்டையில் சாவியை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனாள். சொல்லாமல் போனவளுக்குக் காசு கிடையாது என்றார் க்ளைவ். சொல்லிவிட்டுத்தான் போனேன், நீ கத்தின கத்தலில் உனக்குக் காது கேட்கவில்லை என்றாள் அவள். அதற்குப் பிறகு கடைவீதியில் எதிரெதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். கிளப்பில் க்ளைவ் பியர் வாங்கும்போதெல்லாம், "அது என் காசுதான், நல்லா குடிக்கட்டும்" என்று நோரீன் பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

க்ளைவ் லேசுப்பட்ட ஆள் இல்லை. பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். முயல் தோல் விற்ற காசில் ஒரு ஓட்டை டிராக்டர் வாங்கி, அதில் சம்பாதித்து மண் தள்ளுகிற டோசர் ஒன்று வாங்கி, நாற்பது மைல் சுற்றளவில் ஆடு மாடு தண்ணீர் குடிக்கிற அணைகளில் பாதியை அவரே தோண்டினார். அப்பன் சொத்து ஒரு செங்கல் கிடையாது. பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முழிக்கிறபோது, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, இங்கே தண்ணீர் நிற்காது, தள்ளிப் போ என்பார். தள்ளிப் போன இடத்தில் தண்ணீர் நின்றது. இப்படித் தன் கையால் மேலே வந்த மனுஷனுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும்.

எழுத்து ஒன்றுதான் அவருக்குப் பகை. இரண்டு விரலால் தட்டுவார். ஒரு மெயிலுக்கு அரை நாள் போகும். அதிலும் ஒரு பழக்கம் வைத்திருந்தார்: யாருக்கு என்கிற இடத்தையும் தலைப்பையும் கடைசியில்தான் நிரப்புவார். முன்பு ஒருமுறை நகரசபைக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது விரல் தவறி, பாதி வசவோடு மெயில் பறந்துபோய்விட்டது. அந்த வருஷம் நகரசபை அவருக்கு ஒரு மீட்டர் ரோடு போடுகிற வேலைகூடக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து முகவரி கடைசியில்தான்.

இப்போது வம்பு சோலார் கம்பெனியோடு. ஊருக்கு மேற்கே அவர்கள் போட்ட மின்பலகைக் காட்டுக்கு ரோடு முழுக்க க்ளைவ் போட்டது. சரளை ஒப்பந்தத்தில் சொன்ன கனம் இல்லை என்று எண்பத்தாறாயிரம் டாலரைக் கழித்துக்கொள்ளப் போவதாகக் கம்பெனியிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காரணத்தோடு மறுப்பு மெயிலில் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் கழித்தது கழித்ததுதான், ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பணம் போனால், ரோட்டைச் சமன்படுத்துகிற க்ளைவின் பெரிய கிரேடர் வண்டி கடன்காரன் வாசலுக்குப் போகும். கிரேடர் இல்லாமல் ராட்லி என்ற பெயருக்கு அந்த ஊரில் அர்த்தம் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஷெட்டில் உட்கார்ந்து தட்டினார். எந்த லாரியில் எத்தனை டன் சரளை வந்தது, யார் அளந்தது, அளக்கும்போது கம்பெனி ஆள் எங்கே நின்றான், எல்லாம். மதியம் காற்று கிளம்பி, கூரைமேல் இருந்த, நெட் வாங்குகிற டிஷ் தட்டு திரும்பிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்று மணி தாண்டி, கடைசிப் பத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை வெளுத்தது. அப்புறம் மெயில் புரோகிராம் மொத்தமாக மறைந்துபோனது.

மறுபடி திறந்தார். எழுதிய மெயில் எங்கும் இல்லை. போனை எடுத்து டிராஃப்ட் பார்த்தார். காலையில் எழுதிய முதல் ஆறு வரிதான் இருந்தது. லேப்டாப்பில் டிராஃப்ட் பெட்டியைத் திறந்தால், பெயரும் இல்லாமல் தலைப்பும் இல்லாமல் வரிசையாக முப்பது நாற்பது கிடந்தன. மேலே இருந்த இரண்டைத் திறந்தார். போன வருஷத்துப் பாதி வசவுகள். இந்தக் குப்பை சேர்ந்துதான் புரோகிராம் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது என்று முடிவுகட்டி, அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்து அழித்தார். இனி மூடித் திறந்தால் சரியாகும் என்று மூடுகிற குறிமேல் அம்பைக் கொண்டுபோனார்.

கிரேடர் ஓட்டுகிற கெல்வின் வாசலில் நின்று சான்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அந்த நோரீனைக் கேட்டுவிட்டு மூடு, இந்த மெஷினை அவள்தானே வைத்துக்கொடுத்தாள் என்றான். மண்ணைத் தின்றாலும் தின்பேன், அவளைக் கேட்க மாட்டேன் என்றார் க்ளைவ். சரளை நிறைய இருக்கு, தொட்டுக்கத்தான் ஒண்ணும் இல்லை என்றான் கெல்வின்.

கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்தார்.

நோரீன் முழுக்கக் கேட்டாள். அழித்தேன் என்றதும் குறுக்கே விழுந்தாள்.

"புரோகிராம் இன்னும் திறந்திருக்கா?"

"திறந்துதான் இருக்கு. மூடப்போறேன்."

"கையை எடு. மூடினா குப்பைத்தொட்டி தானா காலியாகும். பழசெல்லாம் கிடக்குன்னு நீதானே கத்தின, அதனால அப்படி வெச்சேன். மூடாத, அணைக்காத, தொடாத. நான் வர்றேன். என் மூவாயிரத்து அறுநூறை ரொக்கமா எடுத்து வை."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, பாம்பைப் பார்க்கிற மாதிரி அந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் க்ளைவ்.

இப்போது வேலை பார்க்கும் தானியக் கிடங்கின் எடை மேடையிலிருந்து தூசியோடு வந்து இறங்கினாள் நோரீன். வணக்கமும் இல்லை, வாவும் இல்லை. அவர் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். குப்பைத்தொட்டியைத் திறந்து, தேதிப்படி புதியது மேலே வரும்படி மாற்றினாள். அதுவரை பழையது மேலே இருந்தது. அதனால்தான் அவர் கண்ணில் போன வருஷம் பட்டது. முதலில் நின்றதைத் திறந்தாள். பெயர் இல்லை, தலைப்பு இல்லை, உள்ளே முழுக்க சரளை.

அதைத் திரும்ப டிராஃப்ட் பெட்டிக்கு நகர்த்தினாள். அப்புறம் எழுத்து மொத்தத்தையும் நகலெடுத்து வேறு ஒரு கோப்பில் ஒட்டிச் சேமித்தாள். இதற்குமேல் இந்தப் புரோகிராம் செத்தாலும் கவலை இல்லை என்றாள், அவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

கடைசிப் பத்தியைக் காணோம் என்று க்ளைவ் எகிறினார். அதில்தான் அந்தப் பயலை உரித்து எழுதியிருந்தாராம்.

"மூணு நிமிஷத்துக்கு ஒருதரம் அதுவா ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும், க்ளைவ். புது நகல் வந்தா பழசு போயிடும். கடைசியா எடுத்ததுக்கும் செத்ததுக்கும் நடுவுல நீ தட்டினது எங்கயும் இல்ல. கடவுள் வந்தாலும் எடுக்க முடியாது. நல்லதுதான், வசவு போச்சு, கணக்கு தங்குச்சு."

"அப்போ போன்ல ஏன் ஆறு வரி?"

"மேல தட்டு திரும்பிக் கிடக்குறது தெரியல? காலைல நெட் இருந்தப்போ எடுத்த நகல் சர்வருக்குப் போச்சு, போன்ல அதுதான் தெரியும். நெட் போனப்புறம் எடுத்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளயே நின்னுருச்சு. அணை தோண்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு வாய்க்கால் அடைச்சா தண்ணி எங்க நிக்கும்னு தெரியாதா?"

கெல்வின் சிரித்தான். க்ளைவ் பார்த்த பார்வையில் சான்ட்விச்சை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினான், ஆனால் போகவில்லை.

கடைசிப் பத்தியைத் திரும்ப எழுதத் தொடங்கினார் க்ளைவ், நின்றபடியே, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி. வசவு வருகிற இடத்தில் நோரீன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சரளையின் கனத்தை மறுபடி அளக்க நான் தயார், உங்கள் ஆள் முன்னால் என்று ஒரே வரியில் முடிக்கச் சொன்னாள். முடித்தார். முகவரியையும் தலைப்பையும் அவளே போட்டாள். நாலரை தாண்டியிருந்தது.

அனுப்ப நெட் இல்லை. தட்டைத் திருப்ப ஏணி வேண்டும், காற்றில் ஏணி நிற்காது. நோரீன் தன் போனை எடுத்தாள். அதிலிருந்து இந்த லேப்டாப்புக்கு நெட் கொடுக்கலாம். க்ளைவின் போனிலும் அது முடியும், அவருக்குத்தான் செய்யத் தெரியாது. அவள் போனைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மெயிலைப் படித்தாள்.

"இதைக் கேளு. 'ராட்லி தொழில் நடத்தின நாள்முதல் எவனோட கூலியிலும் ஒரு சென்ட்கூட நிறுத்தி வெச்சதில்ல, அதே மாதிரி நீங்களும் நிறுத்தக் கூடாது.' நீ எழுதினதுதானே?"

"என்னோட வார்த்தைதான். இப்ப என்ன?"

"இது பொய். பொய்க்கு நான் நெட் குடுக்க மாட்டேன். இந்த வரியை எடு, இல்ல இதை உண்மையாக்கு. ரெண்டுல எது செஞ்சாலும் அனுப்புறேன்."

இது வழிப்பறி என்றார் க்ளைவ். கிடங்குக்காரன் உன்னை இந்த வாய்க்குத்தான் வைத்திருக்கிறானா என்றார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடு, உன் போனில் உனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதானே என்றாள் அவள். அவர் குனிந்து அம்பை அந்த வரியின் முடிவில் கொண்டுபோய் வைத்தார். அழிக்கிற விசைமேல் விரல் நின்றது. ஓர் எழுத்து போனது. இன்னோர் எழுத்து போனது. அதற்குமேல் விரல் அசையவில்லை. முயல் தோலிலிருந்து அந்த நாள்வரை அவர் சேர்த்த சொத்தெல்லாம் அந்த ஒரு வரிதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் லாரிக் கணக்கு. போன இரண்டு எழுத்தையும் தட்டுத்தடுமாறித் திரும்பப் போட்டார்.

அலமாரிக்குப் போய்ப் பழைய இரும்பு விற்ற காசு வைத்திருந்த டின்னைக் கொண்டுவந்து மேஜைமேல் டங்கென்று வைத்து, மூடியைத் திறந்தார்.

நோரீன் போனைத் திறந்து நெட்டை இணைத்து, அனுப்பும் விசையை அழுத்தினாள். மெயில் போனது. கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து, உங்கள் மறுப்பு கிடைத்தது என்று தானாக வரும் பதில் வந்து விழுந்தது. ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

க்ளைவின் கை டின்னின் மூடிமேல் போய் உட்கார்ந்தது. மூடவில்லை, எடுக்கவும் இல்லை. மெயில் போய்விட்டது, இனி இவளால் என்ன செய்ய முடியும் என்று முகத்தில் எழுதியிருந்தது. நோரீன் கையை நீட்டினாள். உள்ளங்கையை விரித்து மேஜைமேல் வைத்தாள். வாசலில் கெல்வின் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

"நீ ஒரு பிசாசுடீ" என்றார் க்ளைவ்.

"சத்தமா எண்ணு, பெரிய மனுஷா. என் காதும் உன் காது மாதிரியே ஆயிடுச்சு."

ஒவ்வொரு நூறு டாலர் தாளையும் அறைகிற மாதிரி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தாவது தாள் காற்றில் பறந்து அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள், மறுபடி வை என்று. வைத்தார். இருபதில் குரல் கம்மியது, முப்பதில் இருமல் வந்தது. முப்பத்தாறாவது தாளை அவள் உள்ளங்கையில் கட்டைவிரலால் அழுத்தி வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.