இஞ்சின் நின்ற ஐந்தே முக்கால் மணி

1928ஆம் ஆண்டு, மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ஊரை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிற்கூடத்தில் உலகப்பன் கிராணியாக இருந்தார். வேலையாட்களின் பேர் பதிவதும், இஞ்சின் ஓடும் நேரத்தைக் குறிப்பதும் அவர் பொறுப்பு. முந்தைய மாதக் கணக்கில் நேர்ந்த ஒரு பிழைக்காகத் தோட்டத் துரை அவரை எச்சரித்திருந்தார். இன்னொன்று நேர்ந்தால் வேலை போய்விடும்.

அன்று காலை ஏழு நாற்பதுக்கு இஞ்சின் நின்றது. உருளைகளில் ரப்பர் ஷீட் இழுக்கும் ஒன்பது பெண்களும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போதே வீட்டுக்கு அனுப்பினால் தோட்ட வழக்கப்படி அரைப் பேர், அதாவது அரைநாள் கூலிதான். நிறுத்திவைத்தால் முழுப் பேர் கொடுக்க வேண்டும். முதல் நாள் உறைந்த ரப்பர்ப் பால் தட்டுகளில் கிடந்தது. அன்றே இழுக்காவிட்டால் இறுகிக் கெட்டுவிடும். குளுவாங்கிலிருந்து பழுது பார்ப்பவரை வரவழைக்க ஆள் அனுப்பிவிட்டு, உலகப்பன் பெண்களை இருக்கச் சொன்னார்.

"காய்ச்சல்ல படுத்ததுல ஏற்கெனவே ஆறு நாள் பேர் போச்சு கிராணி ஐயா" என்றாள் அங்கம்மா. "இதையும் பாதியா வெட்டிடாதீங்க."

"நான் இருக்கச் சொன்ன நேரத்துக்குப் பேர் உண்டு."

"துரைக்கிட்டயும் இதையே சொல்லுங்க" என்றாள் வெள்ளையம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. தட்டுகளில் மாறி மாறித் தண்ணீர் ஊற்றிக் காத்தார்கள்.

பதினொரு மணி ரயிலில் வந்தவர் ஒரு மணி ஐந்துக்கு வேலையை முடித்து, நேரமிட்ட சீட்டைக் கொடுத்துச் சென்றார். உலகப்பன் அப்போது சோறுண்டுகொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த சீட்டைப் பார்த்து ஓடிவந்து வேலை தொடங்கும் சங்கை ஊதியபோது ஒன்று இருபத்தைந்து. பிறகு ஐந்து மணிவரை எல்லாரும் உருளையில் நின்றார்கள்.

மறுநாள் துரை சீட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஐந்தே முக்கால் மணி சும்மா இருந்தது. அரைப் பேர் போதும். அதோடு, இஞ்சின் சரியானது ஒன்று ஐந்துக்கு. நீ எழுதியது ஒன்று இருபத்தைந்து. நேரத்தைக் கூட்டினாயா?"

"அடுத்த வரியைப் பாருங்கள், துரை."

அதில் இருந்தது: 'ஏழு நாற்பது முதல் ஒன்று ஐந்துவரை இஞ்சின் பழுது. ஒன்று ஐந்து முதல் ஒன்று இருபத்தைந்துவரை சங்கு ஊதப்படவில்லை. தவறு என்னுடையது. ஆட்கள் முழு நேரமும் இருந்தார்கள். உலகப்பன்.'

துரை அந்த வரியை மறுபடி படித்தார். தன்னையே காட்டிக்கொடுத்தவன் மற்ற நேரத்தைக் கூட்டியிருக்க மாட்டான் என்பது அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஒன்பது பேருக்கும் முழுப் பேர். வீணான இருபது நிமிஷம் உன் சம்பளத்தில்."

ஒன்பது பேருக்கும் சேர்த்து மூன்று மணி நேரக் கூலி. உலகப்பன் அந்தப் பிடித்தத்தையும் தம் கையாலேயே எழுதினார்.

சம்பள நாளில் அங்கம்மா தன் பேர்களை விரல்விட்டு எண்ணினாள். குறையவில்லை.

"அன்னிக்குச் சங்கு தூங்கிப்போச்சா, கிராணி ஐயா?"

"ஆமாம்மா, கொஞ்சம் தூங்கிப்போச்சு" என்றார் அவர், அடுத்த பேரைக் கூப்பிட்டபடி.