தாடியோடு வந்தவர்

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாதிரி செய்திதான் போடுவேன். ஞாயிறு காதுகுத்து, திருத்தணி மண்டபம். காலை எட்டு மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். கருப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, கருப்பு ஷூ, க்ளீன் ஷேவ். பந்தி பரிமாற வேண்டும், இலை எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையில் சம்பளம்.

ஆள் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த வாரம் ஓர் ஆள் குறைந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து விசைத்தறி ஓட்டுகிறவர் ஒருவர் போன் செய்தார்.

"தாடி வெச்சிகினு இருக்கேம்மா. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, மலைக்கு வேண்டுதல். ஆடிக் கிருத்திகைக்குத்தான் எடுக்கணும். பரவால்லியா?"

"ஆங், வாங்க. தண்ணி வெக்கிற எடத்துல நிறுத்திடறேன்."

எனக்கு ஆள் கணக்கு நேரானால் போதும். மகளைத் திங்கட்கிழமை சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அந்த ஒருநாள் சம்பளத்தைத்தான் நம்பியிருப்பதாகவும் சொன்னார்.

ஞாயிறு ஏழரைக்கே வந்துவிட்டார். மச்சானிடம் கடன் வாங்கிய ஷூ காலில் தொளதொளத்தது. சர்வர்களை மேய்க்கும் கேப்டன் தாடியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"மேடம், இது ஆவாது. எடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா அனுப்பிடுங்க."

என் பையில் எப்போதும் இரண்டு ரேசர் இருக்கும். ஒன்றை எடுத்து நீட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. அவர் மலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு ரேசரை வாங்கிக்கொண்டு கைகழுவும் குழாய்க்குப் போனார்.

அதற்குள் கேப்டன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் இருக்கும் தலைகளுக்குத்தான் அவருடைய கேட்டரிங் ஆபீஸ் சம்பளம் கொடுக்கும். ஓர் ஆள் குறைந்ததால், சமையல்காரரோடு வந்திருந்த ஒருவரை இழுத்து நிறுத்திக்கொண்டார்.

"எங்காளு ஒருத்தரு ஷேவ் பண்ணினு இருக்காரு," என்றேன்.

"போட்டோ போயிடுச்சு மேடம்."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வார ஆர்டரும் அவர்தானே தர வேண்டும்.

தாடையைத் துடைத்தபடி வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேனேம்மா," என்றார். பஸ்ஸுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. உள்ளே, மலையில் மொட்டை போட்டு வந்த குழந்தை சந்தனத் தலையோடு அழுதுகொண்டிருந்தது.

வியாழக்கிழமை அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மழமழவென்று அவர் முகம். கீழே, "இப்போ தாடி இல்லம்மா. இந்த ஞாயிறு வரட்டுமா?"

அந்த ஞாயிறுக்கு வரவேற்பில் நிற்கப் பட்டுப்புடவை கட்டிய பெண்களை மட்டும்தான் கேட்டிருந்தார்கள். போனை மூடி வைத்தேன். நான் படித்துவிட்டேன் என்பதை அவருடைய போன் காட்டியிருக்கும்.